எம்.டி. ரெண்டாவது பக்கத்தைப் புரட்ட மாட்டாரு, அதை மனசுல வச்சு சம்மரி எழுதுங்க

ரிப்போர்ட்டை முடிச்ச அசதியில கடைசியா எழுதுறதுதான் எக்ஸிகியூட்டிவ் சம்மரி. அதனாலயே அதுவும் ரிப்போர்ட் போற வரிசையிலயே போயிடுது, முன்னுரை, நோக்கம், ஆய்வு பண்ண விதம், அப்புறம் கடைசி பாராவுல ஒளிஞ்சுகிட்டு பரிந்துரை. முதல் தப்பு இதுதான்.

ஒரு ஸ்பின்னிங் மில்லுல 90 கிலோவாட் ஏர் கம்ப்ரஸரை மாத்தலாமா வேணாமான்னு 40 பக்க ரிப்போர்ட்னு வச்சுக்கோங்க. சம்மரி "நமது ஆலையின் காற்றழுத்த அமைப்பை மூன்று மாதம் விரிவாக ஆராய்ந்தோம்"னு ஆரம்பிக்கும். நீங்க எவ்வளவு நாள் உழைச்சீங்கங்கறதை வச்சு அவரு எதுல கையெழுத்து போடுறது? முதல் வரி இப்படி இருக்கணும்: "தேவைக்கு ஏத்தபடி வேகத்தை மாத்திக்கிற வி.எஃப்.டி. கம்ப்ரஸர் வாங்க 18 லட்சத்துக்கு இந்த மாசம் 30-க்குள்ள ஒப்புதல் வேணும், வருஷத்துக்கு 4.8 லட்சம் கரண்ட் பில் குறையும், போட்ட காசு மூணே முக்கால் வருஷத்துல திரும்பிடும்."

அடுத்து ஏன்னு ரெண்டே வரி. மெஷின் வருஷத்துக்கு 6,000 மணி நேரம் ஓடுது, அதுல 40 சதவீதம் அன்லோடுல, அதாவது காத்தே குடுக்காம, ஆனா அப்பவும் 30 கிலோவாட் இழுக்குது. அது 72,000 யூனிட், புது மெஷினோட ட்ரைவ் தின்றதைக் கழிச்சா 60,000 மிச்சம், யூனிட் 8 ரூபான்னா கணக்கு சரியா வரும். மீதி எல்லாம் பின்னாடி இருக்கட்டும்.

ரெண்டாவது, வேணாம்னு விட்ட வழியைச் சொல்லாம விடுறது. "காத்து லீக்கை அடைச்சா போதாதா?"ன்னு அவரு கண்டிப்பா கேப்பாரு. அடைச்சா இதே மெஷின் இன்னும் அதிக நேரம் அன்லோடுல நிக்கும், அதனால எதிர்பார்க்கிற அளவுக்கு மிச்சம் வராதுன்னு ஒரு வரி போட்டா இன்னொரு மீட்டிங் மிச்சம்.

பெரிய தப்பு மூணாவது, முடிவையே தலைகீழாக்குற விஷயத்தை அடியில போடுறது. நம்ம கணக்கு முழுக்க அந்த 40 சதவீதத்துல நிக்குது, அடுத்த வருஷம் மில்லுல புது பிரிவு ஓட ஆரம்பிச்சு, காத்து தேவை கூடி, அன்லோட் 10 சதவீதத்துக்கு வந்துட்டா ஒண்ணுமே தேறாது. இது பக்கம் 31-ல இல்ல, ஒப்புதல் கேக்குற வரிக்கு நேர் கீழ இருக்கணும். 2003-ல கொலம்பியா விண்கலம் பறந்துட்டு இருந்தப்ப நாசா அதிகாரிகளுக்குக் காட்டுன ஒரு ஸ்லைடுல தலைப்பு தைரியம் குடுக்குற மாதிரி இருந்துச்சு, இறக்கையில அடிச்ச நுரைத்துண்டு 1,920 கன அங்குலம், சோதனை பண்ணிப் பாத்தது வெறும் 3 கன அங்குலம்ங்கறது கடைசி வரியில கிடந்துச்சு. உசுருக்கே ஆபத்துன்னு மேலதிகாரிக்கு இதைப் படிச்சா புரியாமப் போயிருக்கலாம்னு விசாரணைக் குழுவே பின்னாடி எழுதுச்சு.

அனுப்புறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸ்ல ரிப்போர்ட்டைப் பாக்காத ஒருத்தர்கிட்ட சம்மரியை மட்டும் குடுங்க. எவ்வளவு, எப்போக்குள்ள, எது மாறினா வேண்டாம்னு மூணையும் பேப்பரைப் பாக்காம அவரு சொல்லலேன்னா திருத்தி எழுதுங்க.