தைராய்டு குறைவுள்ளவர்கள் வெயிட் தூக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் ஜிம்மில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் ‘தைராய்டு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று எழுதித் தருபவர்கள் நிறையப் பேர். அதைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் தரும் அதே அட்டவணையை அவர்களுக்கும் தருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நான் இங்கே பயிற்சியாளராக இருக்கிறேன். அந்த ஒரு வரியைப் படித்ததும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மாத்திரை ஆரம்பித்து எவ்வளவு நாள் ஆகிறது? கடைசி ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறையக் குறைய ஏறும் டி.எஸ்.எச். அளவு எவ்வளவு இருந்தது, எப்போது எடுத்தது? எந்த எடையில் தொடங்குவது, எவ்வளவு மெதுவாகக் கூட்டுவது என்பதெல்லாம் இந்த இரண்டு பதிலைப் பொறுத்தது.

முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாத்திரை போட ஆரம்பித்துவிட்டதால் உடம்பு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது. தைராக்ஸின் மாத்திரை மெதுவாக வேலை செய்யும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் டோஸ் மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். தசைகள் அதற்கும் பின்னால்தான் வரும். பரிசோதனை அறிக்கை ‘நார்மல்’ என்று காட்டிய பிறகும், தொடையிலும் தோளிலும் உள்ள பலவீனம் முழுக்கப் போக இன்னும் சில மாதங்கள் ஆகலாம். மாடிப்படி ஏறும்போதும், தரையில் உட்கார்ந்து எழும்போதும் தொடை சோர்ந்துபோவது இதனால்தான்.

செல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் கதையைச் சொன்னால் இது புரியும். வயது 44. டி.எஸ்.எச். 38 என்று வந்து, 50 மைக்ரோகிராம் மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலேயே வேறொரு இடத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஒரு கூட்டத்தோடு சேர்த்து ஸ்க்வாட், ஒரு காலை முன்வைத்து மடங்கும் லஞ்ச், குதிப்பு என்று நிறுத்தாமல் மூன்று சுற்று. இரண்டாம் நாளே படி இறங்க முடியவில்லை, தொடைவலி போக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. “எனக்கு உடம்புல தெம்பே இல்ல தம்பி, சோம்பேறியாயிட்டேன்” என்றுதான் என்னிடம் வந்தார். அது சோம்பேறித்தனம் இல்லை. தைராய்டு குறைவாக இருக்கும்போது தசைநார்கள் சுருங்குவதும் மெதுவாக, தளர்வதும் மெதுவாகத்தான் நடக்கும். தசை சிதையும்போது ரத்தத்துக்கு வரும் ‘சி.கே.’ என்ற நொதி, உடற்பயிற்சி எதுவும் செய்யாதவர்களுக்கே இந்த நிலையில் கூடுதலாக இருக்கும். அதன்மேல் ஒரு கடினமான பயிற்சியை ஏற்றினால் வலி நீண்டு நிற்பது இயல்பு.

அரிதாக இது ஆபத்திலும் முடியும். பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் வீட்டில் இருந்து பார்க்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருப்பது நல்லது.

எனவே இரண்டாவது தவறு, ஒவ்வொரு செட்டையும் ‘இனி முடியாது’ என்கிற வரைக்கும் கொண்டுபோவது. சத்தம் போட்டு ‘இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு’ என்று தூண்டும் பயிற்சி முறை இவர்களுக்கு ஒத்து வராது. இன்னும் மூன்று தடவை தூக்க முடியும் என்று தோன்றும்போதே வைத்துவிட வேண்டும்.

அந்த அக்காவுக்கு மருத்துவரின் சம்மதத்தோடு போட்ட திட்டம் எளியது. வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும். நான்கு பயிற்சி, ஒவ்வொன்றிலும் இரண்டு செட், செட்டுக்கு 8 தடவையில் தொடக்கம், நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்க்வாட், நெஞ்சோடு 5 கிலோ டம்பெல் பிடித்து. ஒரு கையை பெஞ்சில் ஊன்றி டம்பெல் இழுப்பது. தரையில் மல்லாந்து படுத்து டம்பெல் அழுத்துவது. இரண்டு கையிலும் 5 கிலோ வைத்து இடுப்பை மடக்கி நிமிரும் டெட்லிஃப்ட். எல்லாம் சேர்த்து 35 நிமிடம்.

தரையில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப்பை நான் சேர்க்கவில்லை. காரணம், தையல் மெஷினில் உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகிறது என்றார். தைராய்டு குறைவில் மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு அழுத்தப்பட்டு இப்படி மரத்துப்போவது உண்டு. மணிக்கட்டைப் பின்னால் வளைத்து எடை தாங்கினால் அது கூடும். டம்பெல்லை உள்ளங்கை உள்நோக்கி இருக்கும்படி பிடித்தால் மணிக்கட்டு நேராக நிற்கும், மரத்தலும் குறையலாம். விரல் மரத்துப்போவது பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

எடை கூட்டும் விதி ஒன்றுதான். இரண்டு செட்டிலும் 12 தடவை வர வேண்டும், இன்னும் மூன்று தடவைக்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், அது தொடர்ந்து இரண்டு நாள் நடக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த டம்பெல்லுக்குப் போவது. ஒவ்வொரு வாரமும் 2.5 கிலோ கூட்டு என்று அட்டவணையில் எழுதி வைப்பது, புதிதாக வரும் ஆரோக்கியமான ஆட்களுக்குச் சரியாக வரும். இவருக்கு 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போகவே ஐந்து வாரம் ஆனது. எட்டாவது வாரம் பரிசோதனையில் டி.எஸ்.எச். 9, மருத்துவர் டோஸை 75 ஆக்கினார். டோஸ் மாறிய அடுத்த எட்டு வாரமும் புதுப் பயிற்சி எதையும் சேர்க்காமல், அதே நான்கை வைத்தே ஓட்டினோம். மாற்றம் மருந்தாலா, பயிற்சியாலா என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஆறு மாதம் முடிந்தபோது டி.எஸ்.எச். 3, ஸ்க்வாட்டில் 12.5 கிலோ, டெட்லிஃப்ட்டில் 20 கிலோ பாரில் பக்கத்துக்கு 5 கிலோ பிளேட். இது நல்ல முன்னேற்றம். இதைவிட வேகமாகப் போனவர்களும் உண்டு, மெதுவாகப் போனவர்களும் உண்டு.

இனி களைப்பு. இதில்தான் பெரும்பாலானவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். களைப்பாக இருந்தால் மொத்தமாக வராமல் நின்றுவிடுவார்கள், இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முழுத் திட்டத்தையும் செய்துமுடிப்பார்கள். காலையில் எழும்போது தோன்றும் களைப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நடையால் உடம்பைச் சூடாக்கிவிட்டு, வழக்கமான எடையில் பாதியை வைத்து ஒரு செட் செய்து பாருங்கள். வழக்கம்போல லேசாக ஏறினால் முழுத் திட்டமும் செய்யலாம். பாரமாகத் தெரிந்தால் அன்றைக்கு ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த அக்கா நோட்டில் ‘லேசு’, ‘பாரம்’ என்று ஒரு சொல்தான் எழுதுவார். பங்குனி, சித்திரை வெயிலில் ‘பாரம்’ என்று வந்த நாட்கள் கூடின, அப்போது காலை ஏழு மணிக்கே வரச் சொன்னேன், சரியானது. தைராய்டு குறைவில் வியர்வையும் குறைவாக வரலாம் என்பதால் மாடி ஜிம்மில் நண்பகல் பயிற்சி இவர்களுக்கு வேண்டாம்.

தொடர்ந்து மூன்று நான்கு தடவை ‘பாரம்’ வந்தால் ஒரு வாரம் முழுக்கப் பாதி அளவில் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி கூடிப்போனதால் வந்த களைப்பு என்றால் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே தெளியும். தெளியாமல் இருந்து, கூடவே குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகம் உப்பியது மாதிரி இருந்தால் பயிற்சியில் காரணம் தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். டி.எஸ்.எச். மட்டும் இல்லாமல் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12 அளவுகளையும் கேட்டுப் பார்க்கலாம். மாதவிலக்கு அதிகமாகப் போகும் பெண்களுக்கு ரத்தசோகையும் தைராய்டும் சேர்ந்து வருவது உண்டு என்பதால், ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழுகிறது. குறட்டை விட்டுத் தூங்கியும் காலையில் அசதியாக எழுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

பல நேரம் களைப்பின் காரணம் சமையலறையில்தான் இருக்கிறது. இந்த அக்காவும் எட்டாவது வாரம் வரை மாத்திரை போட்ட கையோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். “மாத்திரைய தண்ணியிலதான முழுங்குறேன், அப்புறம்தான காப்பி?” என்று கேட்டார். காபி மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. ஜிம்முக்கு வரும் பலர் சாப்பிடும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

எடை மெஷினைப் பார்த்து முன்னேற்றத்தை அளப்பதும் தவறுதான். தைராய்டு குறைவினால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உப்பும் நீரும்தான் அதிகம். மருந்து சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் அந்த நீர் இறங்கும். அதைப் பயிற்சியின் பலன் என்று நினைத்துவிட்டு, பிறகு முள் நகராமல் நின்றதும் மனம் உடைந்துபோகிறார்கள். சிலர் சீக்கிரம் இளைக்க மாத்திரையைத் தாங்களே கூட்டிப் போடுகிறார்கள். அது மிக ஆபத்து. நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும், தசையும் கரையும், தூக்கும் எடையும் குறையும். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ ஓய்விலும் குறையாத படபடப்போ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது ஒன்று கவனிக்கவும். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தைராய்டு அளவு தவறாக வரலாம். சி.கே. பரிசோதனையும் சேர்ந்திருந்தால் அதற்கு முந்தைய சில நாட்கள் வெயிட் தூக்காமல் இருங்கள், தூக்கியிருந்தால் எந்த நாள் என்ன எடை என்பதை நோட்டைக் காட்டி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.