'Refund initiated' என்று வந்துவிட்டது, பணம் எங்கே?

ஆர்டரை ரத்து செய்தாயிற்று, கடையிலிருந்து "Refund initiated" என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. ஆனால் கணக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. புது நாட்டில் கையிருப்பை எண்ணிச் செலவழிக்கும் நேரத்தில் இது வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் பணம் தொலைந்திருக்காது, வழியில்தான் இருக்கும்.

அந்த மின்னஞ்சல் வரும்போது நடந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, கடை தன் பணப் பரிவர்த்தனை நிறுவனத்துக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது. அது விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாக உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போக வேண்டும். வங்கி அதைச் சரிபார்த்து வரவு வைத்த பிறகுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். கார்டு என்றால் வழக்கமாக 5 முதல் 10 வேலை நாள் ஆகும். கடையின் சொந்த வாலட்டுக்கோ கிரெடிட்டாகவோ வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் அன்றே வந்துவிடும். ஆனால் அந்தப் பணத்தை அந்தக் கடையில்தான் செலவழிக்க முடியும். வாடகைக்குப் பணம் தேவைப்படுகிறவர்கள் அவசரப்பட்டு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வேலை நாள் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வியாழக்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிதான் முதல் நாள். சனி, ஞாயிறு கணக்கில் சேராது. அடுத்த திங்கள் இரண்டாவது நாள். இப்படியே போனால் பத்தாவது நாள் இரண்டு வாரம் கழித்து வரும் வியாழன். நடுவில் வங்கி விடுமுறை வந்தால் வெள்ளி. அதுவரை கடையைத் திட்டிப் பயனில்லை.

இனி, புதிதாக வந்தவர்களுக்கே உரிய சிக்கல். வந்த முதல் வாரத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த டெபிட் கார்டில் ஒரு கட்டிலுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அப்புறம் இங்கே புதுக் கணக்கு தொடங்கிவிடுகிறீர்கள். கட்டிலை ரத்து செய்கிறீர்கள். இப்போது நீங்கள் தினமும் பார்ப்பது புதுக் கணக்கை, ஆனால் பணம் திரும்புவது ஊர்க் கார்டுக்கு. எந்தக் கார்டில் கட்டினோமோ அதற்கே திருப்புவதுதான் பொதுவான நடைமுறை. மின்னஞ்சலில் பெரும்பாலும் கார்டின் கடைசி நான்கு எண்கள் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். தொகையும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம், ஏனென்றால் திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தைப் பல வங்கிகள் திருப்பித் தருவதில்லை. ஆகவே ரீஃபண்ட் வந்து சேரும் வரை ஊர்க் கணக்கை மூடிவிடாதீர்கள். மூடிய கணக்குக்குப் போன பணம் கடைக்கே திரும்பலாம், பிறகு இரண்டு பக்கமும் அலைய வேண்டியிருக்கும்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பணம் கையில் வராது, கார்டின் பாக்கி குறையும். அதை நம்பி மாதத் தவணையைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் விழும். இன்னொன்று, ஆர்டர் செய்த கையோடு ரத்து செய்தால் வரவு என்று தனி வரியே வராமல் போகலாம். கணக்கில் "Pending" என்று நின்ற செலவு சத்தமில்லாமல் மறைந்துவிடும். அப்படியானால் பணம் திரும்பிவிட்டது என்றே பொருள், தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பத்து வேலை நாள் தாண்டியும் வரவில்லையா? வங்கியிடம் "ரீஃபண்ட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால், "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்ற பதில்தான் கிடைக்கும். அதற்கு முன் கடைக்கு இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

```
Please send me the ARN for this refund.
```

ARN என்பது 23 இலக்க எண். ஒவ்வொரு கார்டு ரீஃபண்டுக்கும் தனித்தனியாக இருக்கும், அதை வைத்து வங்கி பணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். உத்தரவு போன அன்றே இந்த எண் கிடைக்காது, சில நாள் ஆகும். கடையால் பத்து நாளுக்குப் பிறகும் அதைத் தர முடியவில்லை என்றால், உத்தரவு உண்மையில் போகவில்லையோ என்று சந்தேகப்பட இடமுண்டு. எண் கிடைத்ததும் வங்கியை அழைத்து, அதோடு தேதியையும் தொகையையும் சொல்லுங்கள்.

அதற்கும் பணம் வரவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் 'டிஸ்பியூட்' எழுப்பலாம், அதாவது கடையிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். ரீஃபண்ட் தருவதாகச் சொன்ன மின்னஞ்சல்தான் அதற்குச் சாட்சி, அதை அழித்துவிடாதீர்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் அது பொதுவாக 120 நாள், ஆனால் சில வங்கிகள் இன்னும் சீக்கிரமே கேட்கும். கடைக்காரர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தடித்தால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் வங்கியிடம் போய்விடுங்கள்.