பென்ஷன் கணக்கில் யு.பி.ஐ. வேண்டாம்

வீட்டுப் பெரியவர்களின் பென்ஷன் வரும் கணக்கில் ஏ.டி.எம். கார்டு, நெட் பேங்கிங், யு.பி.ஐ. ஆகியவற்றை நிறுத்தும்படி வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே கிளையில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, செலவுக்கான தொகை மட்டும் மாதந்தோறும் தானாக அதற்கு மாறும்படி செய்யுங்கள். செல்போனில் இருக்க வேண்டியது அந்தக் கணக்கு மட்டுமே.

பெரம்பூரில் 32,000 ரூபாய் பென்ஷன் வாங்கும் ஒரு ரயில்வே ஓய்வூதியருக்கு மாதம் 12,000 ரூபாய் இவ்வாறு மாறுவதாகக் கொள்வோம். வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய நவம்பர் மாதத்தில், "சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்று அழைப்பவனிடம் அவர் பதற்றத்தில் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டாலும், இரண்டாவது கணக்கில் மீதமிருப்பதுதான் போகும், சேமிப்பு தப்பும். சான்றிதழுக்காக எந்த வங்கியும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் வந்து, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டி, பெரியவரையே கிளைக்கு அனுப்பிப் பணம் கட்டவைக்கும் மோசடியை இது தடுக்காது. வைப்புத்தொகையை, பெரியவரும் வீட்டில் இன்னொருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு கூட்டுப் பெயரில் வைப்பதே அதற்குக் காப்பு. வீடியோ அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று எதிர்முனையில் கட்டளையிட்டால் அது மோசடியேதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.