குடும்பப் படத்தில் விட்டுப்போனவரைச் சேர்ப்பது எப்படி: கிரே கார்டும் சாம்பல் பந்தும்

தாத்தாவின் சதாபிஷேகத்தன்று கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தோம். மஸ்கட்டில் இருந்த தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டே நாள் சென்னைக்கு வந்தான். ஃப்ளாட்டில் வைத்து அவனைத் தனியாக எடுத்து அந்தப் படத்தில் சேர்க்க வேண்டும். இதைச் செய்ய, திண்ணையில் அன்று இருந்த வெளிச்சம் எப்படிப்பட்டது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவை எடுக்கும் முறைதான் இது.

என்னென்ன வேண்டும்

முதலாவது, கிரே கார்டு. தன் மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை, கேமரா கடைகளில் கிடைக்கும். இரண்டாவது, பளபளப்பில்லாத சாம்பல் பெயிண்ட் அடித்த ஒரு பந்து. பிளாஸ்டிக் பந்தாக இருக்கட்டும். தெர்மாகோல் பந்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் அது கரைந்து குழி விழுந்துவிடும். நான் ஒன்றை அப்படி வீணாக்கியிருக்கிறேன். மூன்றாவது, அரைப்பந்து போல ஆழமான எவர்சில்வர் குழிக்கரண்டி. சினிமா கிராபிக்ஸ்காரர்கள் இதற்குக் கண்ணாடி போன்ற குரோம் பந்து வைத்திருப்பார்கள். நம் வேலைக்குக் கரண்டியின் முதுகே போதும்.

கார்டு இருக்கும்போது பந்து எதற்கு? கார்டு தட்டையானது. அது பார்க்கும் திசையிலிருந்து வரும் வெளிச்சத்தின் நிறத்தையும் அளவையும் மட்டும் சொல்லும். முகம் தட்டையில்லை. இடது கன்னத்தில் வானத்தின் வெளிச்சம், வலது கன்னத்தில் சுவரின் நிழல், தாடைக்குக் கீழே தரையின் நிறம் என்று எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் அந்த இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. பந்து அதையெல்லாம் ஒரே படத்தில் காட்டிவிடும்.

படி 1: முதல் இடத்தில் பதிவு

கேமராவை ஸ்டாண்டில் வைத்து மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். ரா ஃபைலாக எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். நான் f/5.6, 1/160, ISO 400 வைத்தேன். குரூப் படம் முடியும்வரை எதையும் மாற்றவில்லை.

சேர்க்கப் போகிறவருக்கு ஓர் இடம் காலியாக விடுங்கள். படம் எடுத்த கையோடு, மற்றவர்கள் எழுந்து போவதற்குள், ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைத்து முகம் வரும் உயரத்தில் கார்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். கார்டு கேமராவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே பார்க்கட்டும். மேற்பரப்பில் மினுமினுப்பு தெரிந்தால் கொஞ்சம் சாய்க்கச் சொல்லுங்கள். பிடிப்பவரின் உடையையும் கவனியுங்கள். மஞ்சள் புடவை பக்கத்தில் இருந்தால் கார்டிலும் மஞ்சள் ஏறிவிடும்.

அடுத்து அதே இடத்தில் பந்து. அதன் பிறகு, முதுகு கேமராவைப் பார்க்கும்படி கரண்டி. மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மேகம் வந்து போகிற நாளாக இருந்தால் பந்தை மட்டும் குரூப் படத்துக்கு முன்பும் பின்பும் எடுத்து வையுங்கள்.

லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஆள் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 140 செ.மீ., 4 மீட்டர், 50 மி.மீ. லென்ஸ்.

படி 2: பதிவைப் படிப்பது

கரண்டியில் பெரிய வெளிச்சத் திட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வட்டத்தின் நடுவில் இருந்தால் வெளிச்சம் கேமராவின் பக்கத்திலிருந்து வருகிறது. நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி வழியில் இருந்தால், கேமரா இருக்கும் திசையிலிருந்து 60 டிகிரி விலகி வருகிறது. விளிம்பை நோக்கி 70 சதவீதம் தள்ளியிருந்தால் சரியாகப் பக்கவாட்டில், அதையும் தாண்டினால் ஆளுக்குப் பின்னாலிருந்து. திட்டு அகலமாக இருந்தால் மென்மையான வெளிச்சம், புள்ளியாக இருந்தால் நிழலைக் கூர்மையாக வெட்டுகிற வெளிச்சம். எங்கள் திண்ணையில் தெருப்பக்கத்து வானம் இடதுபுறம் பாதி வழியில் அகலமாகத் தெரிந்தது.

இனி பந்து. Camera Raw போன்ற மென்பொருளில் கார்டின் மேல் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரைச் சொடுக்கி, அதே அமைப்பைப் பந்துப் படத்துக்கும் கொடுங்கள். பந்தின் வெளிச்சப் பக்கத்தில் கர்சரை வைத்து R, G, B எண்களைக் குறியுங்கள். எனக்குக் கிட்டத்தட்ட 150 வந்தது. இப்போது நிழல் பக்கத்தில் கர்சரை வைத்து, அங்கேயும் 150 வரும்வரை Exposure ஸ்லைடரை ஏற்றுங்கள். +1.50-ல் வந்தது. அப்படியானால் இரு பக்கத்துக்கும் ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஆகவே இது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. குறித்துவிட்டு ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

பந்தின் அடிப்பாகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சாம்பல் பந்தின் அடியில் செம்மண் பூசியது போல ஒரு சிவப்பு. திண்ணையின் ரெட் ஆக்சைடு தரை கீழிருந்து சிவப்பாக வெளிச்சத்தை அனுப்பியிருந்தது. கார்டில் அது துளியும் தெரியவில்லை. இதற்கு முன்பு வேறொரு படத்தில் கார்டை மட்டும் நம்பி ஒருவரைச் சேர்த்து, தாடைக்குக் கீழே வெளிறிப்போய், வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரிந்தது நினைவுக்கு வந்தது.

படி 3: இரண்டாவது இடத்தில் அதே வெளிச்சம்

ஆளை எடுப்பதற்கு முன் பந்தை எடுங்கள். முழு உழைப்பும் இங்கேதான். வெளிச்சத்தின் அளவையும் நிறத்தையும் பிறகு கணினியில் திருத்தலாம். முகத்தில் வெளிச்சம் விழும் திசையைத் திருத்த முடியாது.

ஃப்ளாட்டில் பால்கனிக் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். கேமராவின் உயரமும் தூரமும் லென்ஸும் பழையபடியே. கரண்டியில் கதவின் வெளிச்சம் இடதுபுறம் பாதி வழிக்கு வரும்வரை கேமராவையும் நாற்காலியையும் நகர்த்தினேன். பந்தில் பார்த்தால் வித்தியாசம் இரண்டரை ஸ்டாப், அறை இருட்டு. வலதுபுறம் நாற்காலி முதுகில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்த ஒன்றரைக்கு வந்தது. தரையில் வெள்ளை டைல்ஸ். அதன் மேல் செங்காவி நிறப் போர்வை ஒன்றை விரித்ததும் பந்தின் அடியில் அதே சிவப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் தம்பியை உட்காரச் சொன்னேன். அவனை எடுத்து முடித்ததும் அதே கோணத்தில் கார்டு ஒரு படம்.

படி 4: சேர்ப்பது

இரண்டு இடத்துப் படங்களுக்கும் அவற்றின் கார்டை வைத்தே ஒயிட் பேலன்ஸ் செய்யுங்கள். பிறகு இரண்டாவது இடத்துப் படங்களில் Exposure-ஐ மட்டும் நகர்த்தி, இரண்டு கார்டும் ஒரே எண் காட்டும்படி செய்யுங்கள். sRGB-யில் 18 சதவீத சாம்பலின் கணக்கு 118. மென்பொருள் தன் பங்குக்கு கான்ட்ராஸ்ட் சேர்ப்பதால் அந்த எண்ணே வராமல் போகலாம், பரவாயில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஆளை வெட்டி ஒட்டும் முன் சென்னைப் பந்தை வெட்டித் திண்ணைப் பந்தின் பக்கத்தில் வையுங்கள். எது எந்த ஊர்ப் பந்து என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் ஆளும் பொருந்துவார். ஒன்று நீலமாகவோ தட்டையாகவோ தெரிந்தால் எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கே மட்டும் திருத்துங்கள். அதே திருத்தத்தை ஆளுக்கும் கொடுங்கள். மாலை வெயில் போன்ற இளமஞ்சள் வேண்டுமென்றால், சேர்த்து முடித்த பிறகு முழுப் படத்துக்கும் ஒன்றாகக் கொடுங்கள்.

கடைசியாக, ஆள் உட்கார்ந்த இடத்தில் நிழல். படி 1-ல் கார்டு பிடித்தவரின் படத்தைத் திறந்தால், திண்ணையில் அவருடைய நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு மங்கலாக விழுந்தது என்று இருக்கும். அதைப் பார்த்தே வரையுங்கள்.