சராசரிக்கு நம்பிக்கை இடைவெளி: கணக்கை விட அர்த்தம்தான் சிக்கல்

முதுகலை ஆய்வுக்காகக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: போன ஜூனில் எத்தனை நாள் வேலை கிடைத்தது? மழை பெய்தால் வெட்டு நடக்காது, அன்றைக்குக் கூலியும் இல்லை. பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த 25 பேர். சராசரி 14.2 நாள், திட்ட விலக்கம் 4.5.

எண்கள் B2 முதல் B26 வரை இருக்கட்டும். எக்செல் போதும், இதற்காக எஸ்பிஎஸ்எஸ் தேடி அலைய வேண்டாம்.

```
=AVERAGE(B2:B26)
=STDEV.S(B2:B26)
=CONFIDENCE.T(0.05,STDEV.S(B2:B26),25)
```

மூன்றாவது வரி தருவது இடைவெளியை அல்ல, சராசரியோடு கூட்டிக் கழிக்க வேண்டிய அளவை மட்டும். கையால் போட்டால்: 4.5 ஐ 25 இன் வர்க்கமூலமான 5 ஆல் வகுத்தால் திட்டப் பிழை 0.9. அதை, 95% நம்பிக்கைக்கு t அட்டவணை 25 பேருக்குத் தரும் 2.064 ஆல் பெருக்கினால் 1.86. ஆக 12.3 முதல் 16.1 வரை. CONFIDENCE.NORM வேண்டாம். அது 1.96 ஐ எடுத்துக்கொண்டு இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கிவிடும். திட்ட விலக்கத்தையும் நம் 25 பேரிடமிருந்தே கணித்ததால் t தான் சரி.

இனிதான் நான் தடுக்கிய இடம். "95% தொழிலாளர்களுக்கு 12 முதல் 16 நாள் வரை வேலை கிடைத்தது" என்று எழுதிக் கொடுத்தேன். என் தாளிலேயே 5 நாள் சொன்னவரும் இருந்தார், 22 நாள் சொன்னவரும் இருந்தார்! இடைவெளி ஆட்களைப் பற்றியது அல்ல, சராசரியைப் பற்றியது. 400 பேரிடம் கேட்டு அதே சராசரியும் விலக்கமும் வந்திருந்தால் இடைவெளி 13.8 முதல் 14.6 வரை ஒடுங்கியிருக்கும். அதனால் யாருடைய வேலைநாளும் மாறியிருக்காது. மாறுவது, பட்டியலில் உள்ள எல்லோருடைய சராசரியை நாம் எவ்வளவு நெருக்கமாக அறிகிறோம் என்பதுதான்.

அப்போ 95% எதைச் சொல்கிறது? இதேபோல 25 பேரைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் இடைவெளி போட்டால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மைச் சராசரி இருக்கும். அந்தச் சராசரி ஓரிடத்தில் நிலையாக நிற்கிறது, ஒவ்வொரு குலுக்கலிலும் நகர்வது இடைவெளிதான். கையில் இருக்கும் இந்த ஒரு இடைவெளி அதைப் பிடித்ததா, தவறவிட்டதா என்று நமக்குத் தெரியாது. ஆய்வேட்டில் நான் கடைசியில் எழுதியது: "ஜூனில் கிடைத்த சராசரி வேலைநாள் 14.2 (95% நம்பிக்கை இடைவெளி 12.3–16.1)."

பின்சேர்ப்பு: இதைப் படித்த ஒரு தங்கை, காலையில் டீக்கடையில் கண்ட 25 பேரிடம் கேட்டதாகவும் இதே சூத்திரத்தைப் போடலாமா என்றும் கேட்டார். எக்செல் மறுக்காமல் விடை தரும். ஆனால் வெட்டு நடக்கும் நாளில் அந்த நேரத்துக்கு வேலை கிடைத்தவர் மரத்தடியில் இருப்பார், கடையில் வேலை கிடைக்காதவரே அதிகம் இருப்பார். அந்தச் சாய்வை இடைவெளி காட்டாது. அதே கடையில் இன்னும் 100 பேரைச் சேர்த்தால் இடைவெளி குறுகும், சாய்வு அப்படியே இருக்கும். பட்டியல் கிடைக்கவில்லை என்றால் இடைவெளி போடாதீங்க. யாரிடம், எங்கே, எப்போது கேட்டீர்கள் என்பதை எழுதி, சராசரியை மட்டும் கொடுங்கள்.