பழைய மின்விசிறியின் காலத்தைக் கணிப்பது எப்படி: பெயர்த்தகடு, மோட்டார், இறக்கை

பழைய மேஜை விசிறியின் பெயர்த்தகட்டில் 1909 என்று பொறித்திருந்தால், அது 1909-இல் செய்யப்பட்டது என்றே பெரும்பாலோர் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பெரும்பாலும் காப்புரிமை வழங்கப்பட்ட ஆண்டுதான். விசிறி அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துக்கூடத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்திருக்கலாம். ஆகவே இந்த விளக்கத்தில் ஒற்றை ஆண்டைத் தேடப் போவதில்லை. ஒவ்வொரு தடயத்தையும் 'இதற்கு முன் இருக்க முடியாது' அல்லது 'இதற்குப் பின் இருக்க வாய்ப்பில்லை' என்ற எல்லையாக மாற்றி, அந்த எல்லைகளுக்கு நடுவே விசிறியின் காலத்தைப் பிடிக்கப் போகிறோம்.

படி 1: தொடுவதற்கு முன்

விசிறியை மின்சாரத்தில் இணைத்துப் பார்க்க வேண்டாம். அக்காலத்து வயர்களின் துணியுறையும் ரப்பரும் காய்ந்து உதிர்ந்திருக்கும். உலோக உடலிலேயே மின்சாரம் பாயக்கூடும். காலத்தைக் கணிக்க விசிறி ஓட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு டார்ச், ஒரு சிறு காந்தம், பென்சில், மெல்லிய தாள் ஆகியவை போதும்.

பெயர்த்தகட்டைப் பளபளப்பாக்கும் பசையால் தேய்க்கக் கூடாது. எழுத்துகளின் பள்ளத்தில் நிரப்பியிருக்கும் கறுப்பு வண்ணம் அதனால் அழிந்துவிடும், அதன்பின் மங்கலான எண்களைப் படிக்கவே முடியாது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஆழம் குறைந்த பொறிப்பும் நிழலால் தெரியவரும். அப்போதும் தெரியாவிட்டால் தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கலாம்.

படி 2: தகட்டைப் படித்தல்

அமெரிக்க விசிறிகளின் தகட்டில் பல காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் மிகப் பிந்தைய தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; தகடு அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது என்பதால் அதுவே கீழ் எல்லை. மங்கிய தேதியைச் சரிபார்க்க ஓர் அருமையான வழி உண்டு. அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்பட்டன. நீங்கள் படித்த தேதி அந்த ஆண்டு நாட்காட்டியில் செவ்வாயாக இல்லை என்றால், 3-ஐ 8 என்றோ 1-ஐ 7 என்றோ தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

மேல் எல்லைக்கும் தகடே உதவும். 1927-இல் அமெரிக்கச் சட்டம் மாறி, பொருளின்மீது தேதிக்குப் பதிலாகக் காப்புரிமை எண்ணைக் குறிக்க வேண்டும் என்றானது. எனவே தேதிகள் மட்டும் உள்ள தகடு அநேகமாக 1927-ஐ ஒட்டிய காலத்துக்கு முந்தியது. எண்கள் உள்ள தகடு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. கையிருப்பில் இருந்த பழைய தகடுகளைச் சிறிது காலம் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் இந்த எல்லையில் ஓரிரு ஆண்டு நெகிழ்வு வேண்டும்.

பிரிட்டிஷ் விசிறிகளுக்குக் கணக்கு வேறு. 1916-க்கு முன் அங்கே காப்புரிமை எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது; ஆகவே எண்ணோடு ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். 1916 முதல் 1,00,001-இல் தொடங்கும் ஒரே தொடர்வரிசை வந்தது. ஆண்டு குறிப்பிடாத ஆறிலக்க எண் இருந்தால் கீழ் எல்லை 1916 ஆகிவிடும்.

மின்சார விவரத்தையும் பாருங்கள். நொடிக்கு இத்தனை 'சைக்கிள்' என்பது பழைய குறியீடு. 'ஹெர்ட்ஸ்' என்ற அலகு 1960-இல் பன்னாட்டு அளவைமுறையில் சேர்க்கப்பட்ட பிறகே தகடுகளில் பரவியது. பழமையாகத் தோன்றும் பித்தளை விசிறியில் ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அது பிற்காலத்தில் பழைய பாணியில் செய்யப்பட்ட நகல் என்று முதலில் ஐயப்பட வேண்டும்.

படி 3: மோட்டாரின் அமைப்பு

இறக்கையும் கூண்டும் எளிதில் மாற்றப்படும். மோட்டாரின் உடல் அரிதாகவே மாற்றப்படும். அதனால் வடிவத் தடயங்களில் இதற்கே நான் அதிக மதிப்பளிப்பேன். 1890-களின் மேஜை விசிறிகள் பலவற்றில் மூடியே இல்லை. இரு பெரிய காயில்கள் வெளிப்படையாக நிற்க, நடுவே ஆர்மேச்சர் சுழலும். 1900-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த மோட்டார்கள் விட்டம் அகன்று, தடிமன் குறைந்து, தட்டையாக இருக்கும். 1910-களில் வார்ப்பிரும்பு உடல் சுருங்கி உருண்டையாகிறது. பக்கவாட்டில் திரும்பும் விசிறிகளில் மோட்டாரின் பின்னால் பற்சக்கரப் பெட்டி வழக்கமாகிறது.

கூரை விசிறியில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கரித்துண்டான பிரஷும், அது உரசும் செம்புப்பட்டை உருளையான கம்யூட்டேட்டரும் இருந்தால் அது பெரும்பாலும் டி.சி., அதாவது நேர்மின்சார மோட்டார். ஆனால் டி.சி. என்பதாலேயே மிகப் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. பல நகரங்களின் சில பகுதிகளில் டி.சி. வழங்கல் நெடுங்காலம் நீடித்தது. நியூயார்க்கில் அது 2007-இல்தான் முற்றாக நின்றது. இதைவிட உதவியான தடயம் கப்பாசிட்டர். 1930-களுக்கு முந்திய கூரை விசிறிகளில் அது வழக்கமில்லை. மோட்டாரின் மூடிக்குள்ளேயே அதற்கென இடம் வார்க்கப்பட்டிருந்தால் விசிறி அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம்.

படி 4: இறக்கையும் கூண்டும்

மேஜை விசிறிகளில் இறக்கையும் கூண்டும் இரண்டுமே பித்தளையாக இருப்பது பொதுவாக முதல் உலகப் போருக்கு முந்திய அடையாளம். போர்க்காலத்தை ஒட்டிக் கூண்டு எஃகுக்கு மாறியது. பித்தளை இறக்கை 1920-களின் இறுதி வரை தொடர்ந்தது. பிறகு வண்ணம் பூசிய எஃகும் அலுமினியமும் வந்தன. ஒன்றன்மேல் ஒன்று படியும் அகன்ற, ஓசை குறைந்த இறக்கைகள் 1930-களின் பாணி. கூரை விசிறிகளில் தட்டையான மரப்பலகை இறக்கைகள் முந்தியவை, அழுத்தி வளைத்த உலோகத் தகடுகள் பிந்தியவை. ஆனால் மர இறக்கைப் பாணி பின்னாளில் மீண்டும் வந்ததால், மரத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இங்கேதான் காந்தம் வேலை செய்கிறது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. பித்தளை முலாம் பூசிய எஃகில் ஒட்டும். இறக்கை மாற்றப்பட்டதா என்பதை அறிய, அதைத் தண்டில் பிடித்திருக்கும் திருகைப் பாருங்கள். தண்டில் பழைய திருகு பதிந்த தழும்பும் இப்போதைய திருகின் இடமும் பொருந்தாவிட்டால், அல்லது இறக்கையின் விளிம்பு கூண்டில் உரசுமளவு நெருங்கினால், அது வேறொரு விசிறியின் இறக்கையாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கு பித்தளை இறக்கைகளும், கறுப்பு வண்ணக் கூண்டும், பின்புறப் பற்சக்கரப் பெட்டியும் கொண்ட ஓர் அமெரிக்க மேஜை விசிறி நம் முன் இருப்பதாகக் கொள்வோம். தகட்டில் ஜூன் 8, 1909 என்ற தேதி தெளிவாக உள்ளது. அடுத்த தேதி மங்கல். மார்ச் 11, 1914 என்றோ மார்ச் 17, 1914 என்றோ படிக்கலாம். நாட்காட்டியில் முதலாவது புதன், இரண்டாவது செவ்வாய். எனவே 17-ஐ ஏற்கிறோம். கீழ் எல்லை மார்ச் 1914. எண்கள் இல்லாமல் தேதிகளே இருப்பதால் மேல் எல்லை ஏறத்தாழ 1927.

கூண்டில் காந்தம் ஒட்டுகிறது, இறக்கையில் ஒட்டவில்லை. எஃகுக் கூண்டோடு பித்தளை இறக்கை சேர்ந்த இந்த அமைப்பு போர்க்காலத்துக்கும் 1920-களின் இறுதிக்கும் இடைப்பட்டது. மோட்டாரும் அதை மறுக்கவில்லை. ஆகவே குறிப்பேட்டில் '1915–1927' என்று எழுதி, கீழ் எல்லையைத் தந்தது தகடும் கூண்டும், மேல் எல்லையைத் தந்தது தேதிக் குறிப்பு முறை என்று பக்கத்திலேயே பதிய வேண்டும். கூண்டு மட்டும் முழுப் பித்தளையாக இருந்திருந்தால் 1914-ஐ அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் காலத்தைச் சுருக்கத் தோன்றும். அப்படிச் செய்யுமுன் கூண்டைத் தாங்கும் திருகுத் துளைகள் மோட்டாரின் முகப்போடு இயல்பாகப் பொருந்துகின்றனவா, புதிதாகத் துளையிட்டுப் பொருத்தப்பட்டவையா என்று பார்த்துவிடுங்கள்.