டாங்ஜோங் முறையில் மென்மையான பால் பன்

ஜப்பானில் வேர்கொண்டு தைவான் வழியாகப் பரவிய டாங்ஜோங் முறையில், மாவின் ஒரு சிறு பகுதியைப் பாலில் காய்ச்சிக் கூழாக்கி, அதை மீதி மாவுடன் சேர்த்துப் பிசைகிறார்கள். பச்சை மாவிலுள்ள மாவுச்சத்து குளிர்ந்த பாலைக் கொஞ்சமே உறிஞ்சும். ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் அதன் மணிகள் உப்பி, பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர் ஓவனில் எளிதில் வெளியேறுவதில்லை என்பதால், பன் மறுநாளும் மென்மையாக இருக்கிறது.

8 பன்களுக்கு மொத்தம் 300 கிராம் மாவு வேண்டும். பிரெட் மாவு கிடைத்தால் நல்லது, மைதாவிலும் செய்யலாம். முதலில் 20 கிராம் மாவை 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். சில நிமிடங்களில் அது கெட்டிப்படும். கரண்டியால் இழுத்த கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கிவிடலாம். கொதிக்கும்வரை காத்திருந்தால் நீர் வற்றிக் களியாகிவிடும். ஏடு படியாதபடி மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிடுங்கள். சூடான கூழ் ஈஸ்டைக் கொன்றுவிடும்.

ஆறிய கூழுடன் மீதி 280 கிராம் மாவு, 40 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு முட்டை, 75 மில்லி பால் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். மாவு வறண்டிருந்தால் மட்டும் இன்னும் 15 மில்லி பால் விடலாம். ஒன்றுதிரண்டபின் 35 கிராம் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் மாவு கையில் ஒட்டத்தான் செய்யும். அதற்கு அஞ்சி உலர் மாவைத் தூவினால் இவ்வளவு பாடுபட்டதன் பயன் போய்விடும். ஒரு சிறு உருண்டையை விரித்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக வரும்வரை பிசைவதே வழி.

இரு மடங்காக உப்பியதும் எட்டாகப் பிரித்து உருட்டி, தட்டில் நெருக்கமாக வைத்து மீண்டும் உப்பவிடுங்கள். விரலால் அழுத்திய குழி மெதுவாகப் பாதி மேலெழுந்தால், மேலே பால் தடவி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுடலாம்.

உங்களுக்குப் பழக்கமான வேறொரு செய்முறையில் இதைப் புகுத்தும்போது, கூழுக்கான மாவையும் பாலையும் அதன் மொத்த அளவிலிருந்தே எடுக்க வேண்டும். நான் முதன்முறை கூழை வழக்கமான அளவுக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தேன். உருண்டை பிடிக்கவே முடியவில்லை.

இம்முறை பன் காய்ந்து இறுகுவதைத்தான் தள்ளிப்போடும், பூஞ்சையைத் தடுக்காது. இரண்டு மூன்று நாட்களுக்குக் காற்றுப்புகாத டப்பாவில் வெளியே வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக் குளிரில் மாவுச்சத்து விரைவாக இறுகும். மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசரில் உறையவைத்து, உண்ணும்முன் சூடாக்கிக்கொள்ளுங்கள்.